இறந்துபோன தந்தையின் வாகனக் காப்புறுதியை மகன் பெயருக்கு மாற்றக் கேட்ட கடிதம்: ஒரு நிகழ்வு ஆய்வு

இது கொட்டாஞ்சேனையில் ஒரு குடும்பத்துக்கு நடந்தது. பெயர், வாகன இலக்கம், காப்புறுதி நிறுவனம் எதையும் இங்கே எழுதவில்லை. நான் பல வருடம் வாகனக் காப்புறுதிப் பிரிவில் வேலை செய்தவன், அந்த வீட்டுக்கு வேண்டியவன். அதனால் கடிதம் எழுதும் வேலை என்னிடம் வந்தது. இதே நிலையில் இருக்கும் ஒருவர் தன் கடிதத்தில் எதைக் கேட்கவேண்டும், எதைக் கேட்கக்கூடாது என்பது தெளிவாகவேண்டும் என்றுதான் முழுவதையும் எழுதுகிறேன்.

பின்னணி

தந்தைக்கு 71 வயது. துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவர் பெயரில் ஒரு பழைய டொயோட்டா விட்ஸ், லீசிங் எல்லாம் எப்போதோ கட்டி முடிந்துவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் கொச்சிக்கடை பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலுக்குப் போக, சொந்தக்காரர் வீட்டுக்குப் போக, அவ்வளவுதான் அவருடைய ஓட்டம். கார் முழுக் காப்புறுதியில் இருந்தது. நிறைய வருடமாக எந்த இழப்பீடும் கேட்காததால் நோ க்ளெய்ம் போனஸ் 60 வீதம் வரை ஏறியிருந்தது.

ஜனவரி நடுவில் அவர் மாரடைப்பால் இறந்தார். உயில் எதுவும் எழுதவில்லை. மனைவி இருக்கிறார், மகள் கனடாவில் டொரன்டோவில், மகன் பெற்றோரோடு அதே வீட்டில். குடியிருக்கும் வீடு முன்பே தாயின் பெயரில் இருந்தது. ஆகவே தந்தையின் பெயரில் மிஞ்சியது காரும் ஒரு வங்கிக் கணக்கும்.

காப்புறுதி ஏப்ரல் 30 வரை. வருமான அனுமதிப்பத்திரம் ஜூனில் முடிகிறது. செல்லுபடியாகும் காப்புறுதிச் சான்றிதழும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் இல்லாமல் அதைப் புதுப்பிக்க முடியாது. அதாவது காப்புறுதி நின்றால் காரும் வீட்டு வாசலில் நின்றுவிடும். மகன் பேலியகொடையில் வேலை, அந்தக் காரில்தான் தாயை மாதம் ஒருமுறை கிளினிக்குக்கும் கூட்டிப்போகவேண்டும்.

முதல் கடிதமும் அதற்கு வந்த பதிலும்

முப்பத்தொராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு மகன் அலுமாரியிலிருந்த பைலை எடுத்துப் பார்த்திருக்கிறார். அடுத்த நாளே நிறுவனத்தின் கிளைக்கு ஒரு கடிதம் கொடுத்தார். அது இவ்வளவுதான்:

"எனது தந்தை காலமாகிவிட்டார். ஆகவே மேற்படி வாகனத்தின் காப்புறுதியை எனது பெயருக்கு மாற்றித் தருமாறு தயவாகக் கேட்டுக்கொள்கிறேன். மரண அத்தாட்சிப் பத்திரத்தின் பிரதி இணைக்கப்பட்டுள்ளது."

மகன் மட்டும் கையெழுத்திட்டிருந்தார். ஒரு கிழமைக்குப் பிறகு கிளையிலிருந்து போனில் பதில் வந்தது. வாகனப் பதிவுப் புத்தகம் உங்கள் பெயருக்கு வந்தபிறகு அதன் பிரதியோடு வாருங்கள், அதுவரை ஒன்றும் செய்யமுடியாது என்றார்கள். எழுத்தில் எதுவும் தரவில்லை.

நிறுவனம் இழுத்தடிக்கிறது என்று வீட்டில் எல்லாருக்கும் கோபம். ஆனால் அந்த அதிகாரி சொன்னதில் நியாயம் இருந்தது. காப்புறுதி என்பது காரோடு ஒட்டியிருக்கும் பொருள் அல்ல, ஒரு ஆளோடு செய்த ஒப்பந்தம். கார் நொறுங்கினால் யாருக்கு நட்டமோ அவர் பெயரில்தான் அது இருக்கவேண்டும். அந்த நாளில் சட்டப்படி கார் மகனுடையது அல்ல. உயில் இல்லாமல் இறந்தவரின் சொத்தில் பொதுச்சட்டப்படி பாதி மனைவிக்கு, மீதிப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாக. ஆகவே காரில் பாதி தாயுடையது, கால்வாசி டொரன்டோவில் இருக்கும் அக்காவுடையது, மகனுக்கு மிச்சக் கால்வாசிதான். (இந்தக் குடும்பம் பரம்பரையாகக் கொழும்புதான். யாழ்ப்பாணத்தை அடியாகக் கொண்டு தேசவழமைக்குள் வரும் குடும்பம் என்றால் இந்தக் கணக்கு மாறும், அதைச் சட்டத்தரணியிடம்தான் கேட்கவேண்டும்.) கால்வாசிப் பங்குள்ள ஒருவர் முழுக் காரையும் தன் பெயரில் எழுதித் தரச்சொல்லிக் கேட்டால் எந்த நிறுவனமும் இல்லை என்றுதான் சொல்லும்.

ஆனால் அந்தப் பதிலில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. புத்தகம் மகன் பெயருக்கு வரப் பல மாதம் ஆகும். ஏப்ரல் 30க்கும் அந்த நாளுக்கும் இடையில் கார் யாருடைய காப்புறுதியில் ஓடும் என்று கிளையும் சொல்லவில்லை, கடிதமும் கேட்கவில்லை.

வீட்டில் சொல்லப்பட்ட இரண்டு குறுக்குவழிகள்

என்னிடம் வருவதற்குள் அந்த வீட்டில் இரண்டு யோசனைகள் ஓடிக்கொண்டிருந்தன. இரண்டுமே கொழும்பில் தினம் நடப்பவை என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலாவது சித்தப்பாவின் யோசனை. தந்தை இரண்டு வருடத்துக்கு முன் காரை விற்கலாம் என்று நினைத்து உரிமை மாற்றப் படிவத்தில் கையெழுத்து மட்டும் வைத்து, திகதி போடாமல் பைலில் வைத்திருந்தார். "அண்ணன் சைன் வச்ச பேப்பர் இருக்குதானே, ஜனவரிக்கு முந்தின திகதியப் போட்டுக் குடுத்தா முடிஞ்சது, எதுக்கு கோடு கச்சேரி எல்லாம்?" என்று கேட்டார். கெட்ட எண்ணம் இல்லை, அண்ணன் மகனுக்கு அலைச்சல் குறையட்டும் என்றுதான். ஆனால் இறந்தவர் விற்காத காரை அவர் விற்றதாகக் காட்டும் பொய்ப் பத்திரம் அது. மகளின் கால்வாசியும் தாயின் பாதியும் அதில் காணாமல் போகின்றன. நாளைக்குப் பெரிய விபத்து ஒன்று நடந்து நிறுவனம் விசாரிக்கத் தொடங்கினால், மரண அத்தாட்சிப் பத்திரம் ஏற்கனவே அவர்கள் பைலில் இருக்கிறது, படிவத்தைப் பதிவுக்குக் கொடுத்த நாளும் திணைக்களத்தில் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். தந்தை உயிரோடிருக்கும்போது எழுதிக்கொடுத்த அற்றோனித் தத்துவம் இருந்தாலும் இதே கதைதான், கொடுத்தவர் இறந்த கணமே அதன் உயிரும் போய்விடும்.

இரண்டாவது யோசனை மகனின் நண்பர் ஒருவருடையது, இதுதான் அதிகம் பேர் செய்வது. ஒன்றும் சொல்லாமல் ஏப்ரலில் தந்தை பெயரிலேயே இணையத்தில் பணத்தைக் கட்டிப் புதுப்பித்துவிடுவது. சான்றிதழ் வரும், வருமான அனுமதிப்பத்திரமும் வரும், பொலிஸ் மறித்தாலும் எல்லாம் சரியாகத் தெரியும்.

இதில் இருக்கும் ஆபத்து விபத்து நடக்கும்வரை கண்ணுக்குத் தெரியாது. நடப்புக் காலம் முடியும் வரை இருப்பது தந்தை உயிரோடு செய்த ஒப்பந்தம், அதில் அவருடைய வாரிசுகளுக்கு நின்று பேச ஒரு இடமாவது இருக்கிறது. ஆனால் புதுப்பித்தல் என்பது பழையதை நீட்டுவது அல்ல, ஒவ்வொரு வருடமும் அது புது ஒப்பந்தம். இறந்த ஒருவரால் புது ஒப்பந்தம் செய்யமுடியாது. அப்படிக் கட்டியபிறகு கார் நொறுங்கினால், காப்புறுதி தொடங்கிய நாளிலேயே உரித்தாளர் உயிரோடு இல்லை, அதை எங்களுக்குச் சொல்லவும் இல்லை என்று நிறுவனம் ஒரே வரியில் மறுக்கலாம். இந்தக் குடும்பத்துக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. மகனின் முதல் கடிதமே மரணத்தை நிறுவனத்துக்கு அறிவித்துவிட்டது. அதற்குப் பிறகு தந்தை பெயரில் பணம் கட்டினால் இரண்டு பக்கத்துக்கும் குழப்பம். கிளைக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது என்ற நிலை.

எடுத்த முடிவு

பெயர் மாற்றத்தை ஒரே வேண்டுகோளாகக் கேட்காமல் இரண்டாக உடைப்பது என்று முடிவு செய்தோம். இப்போது கேட்கவேண்டியது, கார் யாருக்குச் சொந்தம் என்று தீரும்வரை "காலஞ்சென்ற இன்னாரின் சட்டபூர்வ வாரிசுகள்" என்ற பெயரில் காப்புறுதியைத் தொடர்வது. புத்தகம் மகன் பெயருக்கு வந்தபிறகு கேட்கவேண்டியது, அவர் பெயருக்கு மாற்றுவது. வாரிசுகளுக்குக் காரில் உண்மையான நட்டம் இருக்கிறது, ஆகவே முதல் வேண்டுகோளை மறுக்க நிறுவனத்துக்குக் காரணம் குறைவு.

இன்னொரு முடிவு, யார் கையெழுத்திடுவது என்பது. பாதிப் பங்கு தாயுடையது. இறந்தவரின் சொத்தை நிருவகிக்கும் அதிகாரம் தரும் நிருவாகக் கடிதத்தை நீதிமன்றம் கொடுக்கும்போதும் உயிரோடிருக்கும் மனைவிக்கே பொதுவாக முன்னுரிமை. எனவே கடிதம் தாயின் பெயரில் போகவேண்டும், மகன் உடன் கையெழுத்திடவேண்டும், மகளின் சம்மதம் இணைப்பாக வரவேண்டும். தாய்க்கு இது முதலில் பிடிக்கவில்லை. "எனக்கு கார் ஓடவே தெரியாது, எதுக்கு தம்பி என்ட பேர்ல கடிதம்?" என்று கேட்டார். ஓடுவது வேறு உரிமை வேறு என்று சொன்னபிறகு கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து ஒவ்வொரு வரியையும் வாசித்துவிட்டுத்தான் கையெழுத்து வைத்தார்.

மூன்றாவது, கிளைக்குப் பதிலாகத் தலைமையகத்தின் வாகனக் காப்புறுதிப் பிரிவுக்கு அனுப்புவது, கிளைக்குப் பிரதி. வழக்கத்துக்கு வெளியே ஒரு பெயரைப் பத்திரத்தில் போடக் கிளையில் யாருக்கும் அதிகாரம் இருக்காது. அவர்கள் மேலே கேட்டுச் சொல்கிறோம் என்று சொல்லி அது அங்கேயே கிடக்கும்.

இரண்டாவது கடிதம்

கடிதம் ஆங்கிலத்தில் போனது. அதன் உள்ளடக்கம் தமிழில் இப்படி:

"முகாமையாளர், வாகனக் காப்புறுதிப் பிரிவு.

காப்புறுதிப் பத்திர இலக்கம் ..., வாகன இலக்கம் ..., முடிவுத் திகதி ஏப்ரல் 30.

1. மேற்படி பத்திரத்தின் உரித்தாளரான எனது கணவர் ஜனவரி ... ஆம் திகதி காலமானார். அவர் உயில் எழுதவில்லை. அவருடைய வாரிசுகள் மனைவியாகிய நானும், எனது மகளும், எனது மகனும் மட்டுமே.

2. நிருவாகக் கடிதம் பெறுவதற்காகக் கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தாக்கல் செய்யச் சட்டத்தரணியிடம் பொறுப்புக் கொடுத்துள்ளோம். அது முடிந்ததும் வாகனம் எனது மகனின் பெயருக்குப் பதிவு மாற்றப்படும். இதற்கு மற்ற இரண்டு வாரிசுகளும் சம்மதம்.

3. அதுவரை, பத்திரத்தில் உரித்தாளர் பெயரைக் காலஞ்சென்றவரின் சட்டபூர்வ வாரிசுகள் எனத் திருத்தி ஒரு புறக்குறிப்புத் தருமாறும், ஏப்ரல் 30 இல் அதே பெயரில் புதுப்பிக்க இணங்குமாறும் கேட்கிறோம்.

4. இந்த இடைக்காலத்தில் இப்போதுள்ள 60 வீத நோ க்ளெய்ம் போனஸைத் தொடருமாறும், பதிவு மாறியபின் மகனின் பெயரில் வழங்கப்படும் பத்திரத்துக்கு அதை மாற்றித் தருவதைப் பரிசீலிக்குமாறும் கேட்கிறோம். மகன் அதே வீட்டில் வசிப்பவர், 2017 முதல் சாரதி அனுமதிப்பத்திரம் உள்ளவர், இதே வாகனத்தைத் தந்தையின் அனுமதியோடு ஓட்டிவந்தவர்.

5. தந்தை இருந்தபோது வாகனம் கிழமையில் ஓரிரு நாளே ஓடியது. இனி மகன் தினமும் பேலியகொடைக்கு வேலைக்குப் போக அதைப் பயன்படுத்துவார். வாடகைக்கோ, பயணிகள் சேவைக்கோ, பொருள் விநியோகத்துக்கோ பயன்படுத்தப்படமாட்டாது. இரவில் வீட்டு வளவுக்குள் நிறுத்தப்படும். இதனால் கட்டுப்பணத்தில் மாற்றம் இருந்தால் அறியத்தரவும்.

6. மேலதிக ஆவணம் தேவையெனில் எது என்பதையும், இணங்க முடியாதெனில் காரணத்தையும் மார்ச் 31 க்கு முன் எழுத்தில் தருமாறு வேண்டுகிறோம்."

இணைப்புகள்: மரண அத்தாட்சிப் பத்திரம், விவாகப் பதிவுச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், மூவரின் அடையாள ஆவணங்கள், பதிவுப் புத்தகத்தின் பிரதி, மகனின் சாரதி அனுமதிப்பத்திரம், கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்று, மகளின் மின்னஞ்சல் சம்மதம்.

ஐந்தாவது பந்தியை எடுத்துவிடலாம் என்று மகன் சொன்னார், தினம் ஓடுகிறது என்று நாமே சொன்னால் காசு கூடும் என்ற பயம். கூடட்டும் என்று சொன்னேன். ஆபத்தைக் கணிக்கத் தேவையானதை ஒளிக்காமல் சொல்வதுதான் காப்புறுதி ஒப்பந்தத்தின் அடிப்படை. 71 வயதுக்காரர் கோயிலுக்குப் போகும் கார் என்று அவர்கள் கணக்குப் போட்டிருக்க, அது தினமும் காலை நெரிசலில் களனிப் பாலம் தாண்டுகிறது என்பது விபத்துக்குப் பிறகு தெரியவருவதுதான் மோசம். வாடகைக்கு ஓடாது என்ற வரியும் அதனால்தான். இளம் வயதுக்காரர் பெயருக்கு ஒரு விட்ஸ் போகிறது என்றால் இந்தக் காலத்தில் நிறுவனம் முதலில் சந்தேகப்படுவது அதைத்தான். அதை அவர்கள் கேட்கும் முன்னரே சொல்லிவிடுவது நல்லது, உண்மையாக இருந்தால் மட்டும்.

நேரே கொண்டுபோய்க் கொடுத்து, நம்மிடம் இருக்கும் பிரதியில் திகதி முத்திரை வாங்கினோம். பதிவுத் தபாலிலும் ஒன்று போனது.

அதற்குப் பிறகு நடந்தவை

மார்ச் இரண்டாம் கிழமையில் மின்னஞ்சலில் பதில் வந்தது. கொள்கையளவில் சம்மதம், ஆனால் இரண்டு நிபந்தனை. மூன்று வாரிசுகளும், வேறு வாரிசு யாரும் இல்லை, பின்னால் யாராவது உரிமை கோரினால் நாங்களே பொறுப்பு என்று சத்தியக்கடதாசி கொடுக்கவேண்டும். கார் முழுதாக அழிந்தாலோ களவுபோனாலோ அந்தப் பணம் நிருவாகக் கடிதம் பெற்றவருக்கு மட்டுமே கொடுக்கப்படும், அதற்கு முன் யாருக்கும் இல்லை. இரண்டாவது நிபந்தனையைப் பார்த்துத் தாய் கொஞ்சம் பயந்தார். ஆனால் அது நியாயமானது, நிறுவனம் தப்பான ஆளிடம் பெரிய தொகையைக் கொடுத்துவிட்டு மறுபடியும் கொடுக்கவேண்டி வராமல் பார்த்துக்கொள்கிறது. சின்னத் திருத்த வேலைகளுக்கு நேரே கராஜுக்குக் கட்டுவோம் என்றும் அதில் இருந்தது.

தாயும் மகனும் சமாதான நீதவான் முன் ஒரே நாளில் சத்தியக்கடதாசி முடித்தார்கள். மகளுடையதுதான் இழுத்தது. டொரன்டோவில் இலங்கைத் துணைத்தூதரகத்தில் நேரம் எடுத்து, அங்கே கையெழுத்திட்டு, மூலப்பிரதி கூரியரில் கொழும்புக்கு வந்து சேர ஏப்ரல் மூன்றாம் கிழமை ஆகிவிட்டது. நடுவில் புத்தாண்டு விடுமுறை வேறு. ஏப்ரல் 30 நெருங்க நெருங்க எல்லாருக்கும் பதற்றம். கடைசியில் 26 ஆம் திகதி புறக்குறிப்பு கைக்கு வந்தது, 29 ஆம் திகதி வாரிசுகள் பெயரில் புதுப்பித்தார்கள்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். போனஸ் கழிக்கும் முன் அந்த வருடத்துக் கட்டுப்பணம் வரிகள் இல்லாமல் 120,000 ரூபாய். 60 வீதம் கழித்தால் 48,000. நாலாவது பந்தி கடிதத்தில் இல்லாமல் புதிய உரித்தாளர் என்று பூச்சியத்தில் தொடங்கியிருந்தால் 72,000 ரூபாய் அதிகம். தினசரி ஓட்டத்துக்காக நிறுவனம் எதுவும் கூட்டவில்லை.

மே மாதத்தில் ஒரு சம்பவம். ஆமர் வீதிச் சந்தியில் ஒரு முச்சக்கரவண்டி பின்பக்கக் கதவை உரசிவிட்டுப் பம்பரையும் தட்டிவிட்டது. மகன் நிறுவனத்துக்குப் போன் எடுத்தார், மதிப்பீட்டாளர் மோட்டார் சைக்கிளில் வந்து படம் எடுத்தார், காப்புறுதி அட்டையை வாங்கிப் பார்த்து, "இதுல வாரிசுகள்னு இருக்கே, நீங்க யாரு?" என்று கேட்டார். மகன் டாஷ்போர்டிலிருந்து புறக்குறிப்பின் பிரதியையும் தன் அடையாள அட்டையையும் எடுத்துக் கொடுத்தார். புறக்குறிப்பில் வழமையான சாரதி என்று மகனின் பெயர் இருந்தது. மதிப்பீட்டாளர் அதையும் ஒரு படம் எடுத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார், அவ்வளவுதான். தந்தையின் பெயர் அங்கே இருந்திருந்தால் அந்தக் கேள்விக்கு வீதியோரத்தில் நின்று என்ன பதில் சொல்வது?

சேதம் சின்னது. முச்சக்கரவண்டிக்காரர் கொஞ்சம் பணம் கொடுத்தார், மீதியைக் குடும்பம் போட்டது. இழப்பீடு கேட்டால் போனஸ் இறங்கும், அதைப் பிறகு மகன் பெயருக்கு மாற்றக் கேட்கும்போது அது நமக்கு எதிராக நிற்கும் என்று யோசித்து, இழப்பீடு கோரவில்லை என்று எழுத்தில் கொடுத்துவிட்டார்கள்.

நீதிமன்ற வழக்கு மார்ச்சில் தாக்கல் செய்யப்பட்டது. பத்திரிகை அறிவித்தல், ஆட்சேபம் இருக்கிறதா என்று பார்க்கும் திகதி, இடையில் ஒரு தவணை, இப்படிப் போய் செப்டெம்பரில் தாயின் பெயரில் நிருவாகக் கடிதம் கிடைத்தது. அதன்பிறகு தாய் நிருவாகி என்ற முறையில் கையெழுத்திட்டு, ஒக்டோபரில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் உரிமை மாற்றம் முடிந்தது.

நவம்பரில் மூன்றாவது கடிதம். இது மிகச் சின்னது: பதிவு மாறிவிட்டது, புதிய புத்தகத்தின் பிரதியும் நிருவாகக் கடிதத்தின் பிரதியும் இணைப்பு, மார்ச் மாத மின்னஞ்சலில் நீங்கள் சொன்னபடி மீதிக் காலத்துக்கு மகனின் பெயரில் மாற்றித் தரவும், போனஸைத் தொடரவும். இந்தமுறை மகன் மட்டும் கையெழுத்திட்டார், இப்போது கார் அவருடையது.

கிளையில் இருந்த புது அதிகாரி, போனஸ் ஆளுக்குரியது, தகப்பன் சம்பாதித்தது மகனுக்கு வராது என்று பூச்சியம் போட்டு ஒரு கணக்குக் கொடுத்தார். பொது விதி என்ற அளவில் அவர் சொன்னது சரி. மரணத்தின்போது ஒரே வீட்டில் இருக்கும் மனைவிக்கோ பிள்ளைக்கோ அதைக் கொடுப்பது நிறுவனத்தின் விருப்பம், உரிமையாகக் கேட்கமுடியாது. மகன் வாக்குவாதம் செய்யாமல் மார்ச் மின்னஞ்சலின் அச்சுப்பிரதியைக் கொடுத்தார். அதில் "இடைக்காலத்தில் இழப்பீடு எதுவும் கோரப்படாதவிடத்து மாற்றித்தரப் பரிசீலிக்கப்படும்" என்று ஒரு வரி இருந்தது. தலைமையகத்துக்குப் போய் வர இரண்டு கிழமை. 60 வீதத்தோடு மகனின் பெயரில் பத்திரம் வந்தது.

மறுபடி செய்தால் எதை மாற்றுவோம்

மரணம் நடந்து ஒரு மாதம் நிறுவனத்துக்கு ஒன்றும் தெரியாமல் கார் ஓடியது. சாவு வீட்டில் அந்த நினைப்பு வராது, அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் மரணத்தை அறிவிக்கும் மூன்று வரிக் கடிதத்துக்கு எந்த ஆவணமும் தேவையில்லை, மரண அத்தாட்சிப் பத்திரம்கூடப் பிறகு கொடுக்கலாம். உறவினர் யாராவது முதல் கிழமையிலேயே அதைக் கொடுத்துத் திகதி முத்திரை வாங்கியிருக்கலாம். அந்தக் கடிதத்தில் பெயர் மாற்றம் எதுவும் கேட்கவே வேண்டாம்.

வெளிநாட்டில் ஒரு வாரிசு இருந்தால் அவருடைய சத்தியக்கடதாசியை நிறுவனம் கேட்கும்வரை காத்திருக்கக்கூடாது. மகள் இறுதிக் கிரியைக்கு வந்து பத்து நாள் கொட்டாஞ்சேனையில்தான் இருந்தார். அப்போதே ஒரு சமாதான நீதவான் முன் கையெழுத்திட்டிருந்தால் ஏப்ரல் கடைசிக் கிழமையின் பதற்றம் இருந்திருக்காது. அதே கையெழுத்து நீதிமன்ற வழக்குக்கான சம்மதத்துக்கும் தேவைப்பட்டது, இரண்டையும் ஒன்றாக முடித்திருக்கலாம்.

கார் லீசிங்கில் இருந்திருந்தால் இந்தக் கடிதம் இப்படியே பொருந்தியிருக்காது. பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளராக நிதி நிறுவனம் இருக்கும், அவர்களுடைய எழுத்துச் சம்மதம் முதல் இணைப்பாகப் போகவேண்டும், மீதித் தவணைகளை யார் கட்டுவது என்பதும் அதற்கு முன் தீரவேண்டும்.

நிறுவனம் எழுத்தில் பதில் தராமலோ காரணமில்லாமல் மறுத்தோ இருந்தால் அடுத்ததாகக் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடமோ இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமோ போவது என்று நினைத்திருந்தோம். அங்கே போவதற்கு முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டதற்கான ஆதாரம் கையில் இருக்கவேண்டும், கிளையோடு போனில் பேசியது அங்கே செல்லாது. ஆறாவது பந்தியில் திகதி போட்டு எழுத்தில் பதில் கேட்டதும் அதற்காகத்தான். இந்த முறை அது தேவைப்படவில்லை.